பூச்சுக்கு முன்பே பதிக்க வேண்டிய பைப்புகள்: இன்வெர்ட்டர், கேமரா, இன்டர்நெட்

கேள்வி: விருதுநகர் பக்கம் 30க்கு 40 அடி மனையில் கீழும் மேலுமாக வீடு கட்டுகிறோம். இரண்டு தளமும் கான்கிரீட் போட்டாச்சு, செங்கல் கட்டும் முடிந்தது. வெளிச்சுவர் 9 இஞ்ச், உள்ளே தடுப்புச் சுவர் நாலரை இஞ்ச். த்ரீ பேஸ் லைன். பத்து நாளில் பூச்சு ஆரம்பிக்கிறார்கள். “லைட் பைப்பிலேயே யுபிஎஸ் வயரையும் இழுத்துக்கலாம். கேமரா, நெட்டெல்லாம் குடிவந்த பிறகு அவங்களே வந்து வெளியே கிளிப் அடிச்சுப் போட்டுடுவாங்க” என்கிறார் எலெக்ட்ரீசியன். நான்கு கேமராவும், இரண்டு தளத்திலும் நெட்டும் வேண்டும். தனியாகப் பைப் போடணுமா? போட்டால் எத்தனை, எங்கே? (ஒரு வாசகி, விருதுநகர்)

பதில்:

தனியாகத்தான் போட வேண்டும், அம்மா. பத்து நாள் இருக்கிறதே, தாராளமாகப் போதும். இரண்டு ஆட்கள் நின்றால் மூன்று நான்கு நாளில் முடிகிற வேலை. ஆனால் காடி வெட்டும் மெஷினைக் கையில் எடுப்பதற்கு முன், எல்லாப் பைப்பும் வந்து சேரும் இடம் எது என்று முடிவு செய்துவிடுங்கள். அது முடிவானால் எத்தனை பைப், எந்த வழி என்பதெல்லாம் தானாக அமைந்துவிடும்.

உங்கள் அளவு வீட்டுக்குப் படிக்கட்டின் அடிப்பகுதிதான் பெரும்பாலும் சரியான இடம். கீழே டிபி போர்டு அதன் அருகிலேயே இருக்கும், மேல் தளத்துக்கு ஏறும் வழியும் அங்கேயே கிடைக்கும். அந்தச் சுவரில் இரண்டு புள்ளிகளைக் குறியுங்கள். ஒன்று இன்வெர்ட்டருக்கு, மற்றொன்று நெட்வொர்க் பெட்டிக்கு. இரண்டுக்கும் நடுவில் மூன்று அடியாவது இருக்கட்டும். டியூபுலர் பேட்டரி சார்ஜ் ஆகும்போது அமில ஆவியும் ஹைட்ரஜனும் வெளிவரும். பேட்டரிக்கு நேர் மேலே ரவுட்டரையும் கேமரா ரெக்கார்டரையும் வைத்தால் இரண்டே வருடத்தில் பிளக் முனைகளில் பச்சை பூத்துவிடும். படிக்கட்டின் அடியைக் கதவு போட்டு மூடுவதாக இருந்தால் கதவின் கீழும் மேலும் காற்றுப்போக்கு வைக்கச் சொல்லுங்கள்.

பேட்டரியையும் இன்வெர்ட்டரையும் பிரித்து வைக்கலாமா, பேட்டரி பின்பக்கம் வெளியே இருக்கட்டுமே என்று பலரும் கேட்பார்கள். வேண்டாம். 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 800 வாட் எடுத்தால், இன்வெர்ட்டரில் போகும் இழப்பையும் சேர்த்து, அந்தக் கேபிளில் கிட்டத்தட்ட 80 ஆம்பியர் ஓடும். மூன்று மீட்டர் தள்ளி வைத்து 16 சதுர மி.மீ. செம்புக் கேபிள் போட்டால்கூட, போக வர ஆறு மீட்டரில் அரை வோல்ட்டுக்கு மேல் விழுந்துவிடும். 230 வோல்ட்டில் அரை வோல்ட் ஒன்றுமில்லை. 12 வோல்ட்டில் அது இருபதில் ஒரு பங்கு. பேட்டரியில் சார்ஜ் இருக்கும்போதே ‘லோ பேட்டரி’ என்று இன்வெர்ட்டர் கத்தி நின்றுவிடும். இன்வெர்ட்டரோடு வரும் குட்டைக் கேபிளை நீட்டாதீர்கள். தூரம் தேவைப்பட்டால் 230 வோல்ட் பக்கத்தை நீட்டுங்கள். அதற்குத்தான் சுவருக்குள் பைப் போடுகிறோம்.

இன்வெர்ட்டர் புள்ளியைத் தரையிலிருந்து மூன்று அடி உயரத்தில் வையுங்கள். டிராலியும் பேட்டரியும் சேர்ந்து இரண்டரை அடிக்கு மேல் வந்துவிடும், பிளக் பாயின்ட் அதற்குப் பின்னால் மாட்டிக்கொள்ளக் கூடாது. டிபியிலிருந்து இந்தப் புள்ளிக்கு 25 மி.மீ. பைப், கடையில் ‘ஒரு இஞ்ச்’ என்பார்களே அது, ஒன்று வேண்டும். அதில் ஐந்து வயர் போகும்: உள்ளே வரும் பேஸ், நியூட்ரல், எர்த், பிறகு வெளியே திரும்பும் பேஸ், நியூட்ரல். எல்லாமே 2.5 சதுர மி.மீ. பக்கத்திலேயே இன்னொரு 25 மி.மீ. பைப்பை வெறுமனே விட்டுவையுங்கள். நாளைக்குச் சோலார் வைக்க நினைத்தால் கனமான வயர் இழுக்க அது வேண்டியிருக்கும்.

இனி முக்கியமான விஷயம். “லைட் பைப்பிலேயே இழுத்துக்கலாம்” என்று உங்கள் எலெக்ட்ரீசியன் சொன்னது இட வசதியைப் பொறுத்தவரை தவறில்லை. 20 மி.மீ. பைப்பில் இன்னும் இரண்டு வயர் நுழையும்தான். சிக்கல் இருப்பது அந்த இரண்டில் ஒன்றை விட்டுவிடும் பழக்கத்தில். யுபிஎஸ் லைன், அதாவது இன்வெர்ட்டரிலிருந்து திரும்பும் லைன் என்றால், பலர் பேஸ் வயர் ஒன்றை மட்டும் ஒவ்வொரு போர்டுக்கும் இழுத்துவிட்டு, நியூட்ரலை அங்கே ஏற்கெனவே இருக்கும் மெயின் லைனிலிருந்தே எடுத்துக்கொள்கிறார்கள். ஒரு சுருள் வயர் மிச்சம். லைட்டும் எரியும், ஃபேனும் சுற்றும். அதனால் தப்பு வெளியே தெரிவதில்லை.

இதனால் மூன்று தொல்லைகள் வரும். முதலாவது ஆர்சிசிபி. பேஸில் போன மின்னோட்டம் அத்தனையும் நியூட்ரலில் திரும்பி வருகிறதா என்று ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் அதன் வேலை. யுபிஎஸ் வழியாகப் போனது மெயின் நியூட்ரலில் திரும்பினால் கணக்கு உதைக்கும். 30 மில்லி ஆம்பியர் வித்தியாசத்துக்கே டிரிப் ஆகும் ஆர்சிசிபி, நீங்கள் ஒரு லைட்டைப் போட்டதும் விழுந்துவிடும். காரணம் தேடச் சிரமப்பட்டு, கடைசியில் ஆர்சிசிபியையே கழற்றி வைத்த வீடுகள் நிறைய. இரண்டாவது, நியூட்ரலுக்கு வரும் பளு. இரண்டு லைனின் மின்னோட்டமும் ஒரே நியூட்ரலில் சேர்ந்து ஓடும்போது வயர் சூடாகும். அந்தச் சூட்டை அறிய எந்த எம்சிபியும் அதில் இல்லை. மூன்றாவதுதான் உயிர் சம்பந்தப்பட்டது. மெயினை அணைத்துவிட்டு ஃபேன் மாட்ட ஏறுகிறவர், நியூட்ரல் செத்த வயர் என்று நம்பிப் பிரிப்பார். அந்த வயரில் அப்போது இன்வெர்ட்டரின் மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும்.

ஆகவே மெயின் டிபிக்குப் பக்கத்தில் சிறியதாக ஒரு தனி யுபிஎஸ் டிபி வையுங்கள். அதில் தனி நியூட்ரல் பார், இரண்டு போல் ஆர்சிசிபி ஒன்று, 6 ஆம்பியர் எம்சிபி நான்கு. அங்கிருந்து ஒவ்வொரு அறையின் சுவிட்ச் போர்டுக்கும் தனி 20 மி.மீ. பைப். அதில் பேஸ், நியூட்ரல், எர்த் மூன்றும் 1.5 சதுர மி.மீ.யில். ஒரே போர்டுக்குள் மெயின் லைனும் யுபிஎஸ் லைனும் வந்தாலும் இரண்டு நியூட்ரலும் எங்கேயும் தொடக் கூடாது. யுபிஎஸ் வயருக்கு வீட்டில் வேறெங்கும் இல்லாத ஒரு நிறத்தைத் தேர்ந்தெடுங்கள். நியூட்ரல் கறுப்பாகவே இருக்கட்டும், ஆனால் இரு முனையிலும் அதே நிறத்தில் டேப் சுற்றச் சொல்லுங்கள். போர்டு பெட்டியும் ஒரு அளவு பெரிதாக வேண்டும். 8 மாட்யூல் நினைத்த இடத்தில் 12 மாட்யூல் போடுங்கள். மெட்டல் பெட்டி வாங்கும் முன்பே இதைச் சொல்லிவிடுங்கள்.

படிக்கட்டு லைட்டைத் தனியாகக் கவனியுங்கள். கீழே ஒரு சுவிட்ச், மேலே ஒரு சுவிட்ச் என்று டூ-வே போடுவார்கள். கீழ் சுவிட்சுக்குக் கீழ்த் தளப் போர்டிலிருந்து மெயின் பேஸும், மேல் சுவிட்சுக்கு மேல் போர்டிலிருந்து யுபிஎஸ் பேஸும் எடுத்துவிட்டால் ஒரு சுவிட்சிலேயே இரண்டு பேஸ்கள் வந்து நிற்கும். உங்களுடையது த்ரீ பேஸ். இரண்டும் வெவ்வேறு பேஸாக இருந்தால் நடுவில் 400 வோல்ட்டுக்கு மேல். அந்த லைட்டுக்குப் பேஸும் நியூட்ரலும் ஒரே யுபிஎஸ் எம்சிபியிலிருந்துதான் வர வேண்டும். இரண்டு சுவிட்சுகளுக்கும் நடுவே அதற்கென்று ஒரு 20 மி.மீ. பைப் இப்போதே ஓடட்டும்.

வயரிங் முடிந்ததும், இன்வெர்ட்டரை இணைக்கும் முன், மெயினை முழுக்க அணைத்துவிட்டு மல்டிமீட்டரைத் தொடர்பு பார்க்கும் நிலையில் வைத்து, ஒரு முனையை மெயின் நியூட்ரல் பாரிலும் மறு முனையை யுபிஎஸ் நியூட்ரல் பாரிலும் வைக்கச் சொல்லுங்கள். ‘பீப்’ சத்தம் வந்தால் ஏதோ ஒரு போர்டில் இரண்டும் கலந்திருக்கிறது. யுபிஎஸ் நியூட்ரல்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே வந்தால் எதைக் கழற்றியதும் சத்தம் நிற்கிறதோ அந்த அறைதான். இந்தச் சோதனைக்குப் பத்து நிமிடம் ஆகும். இதைக் கண்ணால் பார்க்காமல் வயரிங் முடிந்தது என்று ஒப்புக்கொள்ளாதீர்கள்.

இனி நெட்டும் கேமராவும். கேமராவுக்குத் தனி வகைக் கேபிள், நெட்டுக்குத் தனி வகை என்று இரண்டு வாங்க வேண்டாம். எல்லாவற்றுக்கும் முழுச் செம்பு கேட் 6 போதும். ஐபி கேமராவுக்கு அந்த ஒரே கேபிளில் படமும் வரும், பி.ஓ.இ. சுவிட்ச் வழியாகக் கரண்டும் போகும். பழைய வகைக் கேமராதான் வாங்குகிறீர்கள் என்றாலும், பலூன் என்னும் சிறு இணைப்பியை இரு முனையிலும் போட்டு இதே கேபிளில் ஓட்டலாம். விலை குறைவென்று சிசிஏ கேபிளைத் தருவார்கள், வாங்காதீர்கள். அது செம்பு முலாம் பூசிய அலுமினியம். கேமராவுக்குப் போகும் கரண்ட் வழியிலேயே விழுந்துவிடும். இரவில் கேமராவின் இன்ஃப்ராரெட் விளக்கு எரிய ஆரம்பித்ததும் படம் நின்று நின்று வருவதற்குப் பல வீடுகளில் இதுதான் காரணம். ஒரு நுனியைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியம்.

கரண்ட் வயரிங்கில் ஒரு போர்டிலிருந்து அடுத்த போர்டுக்கு லூப் எடுப்பார்கள். நெட் கேபிளில் அது கூடாது. ஒவ்வொரு கேபிளும் நெட்வொர்க் பெட்டியில் தொடங்கி, நடுவில் வெட்டோ ஒட்டோ இல்லாமல், தன் இடத்தில் போய் முடிய வேண்டும். இதை எலெக்ட்ரீசியனிடம் முதலிலேயே சொல்லிவிட்டால் பைப்பின் வழியையும் அவர் அதற்கேற்ப யோசிப்பார்.

பைப்பின் அளவைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். பைப்பின் உள் பரப்பில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் கேபிள் நிரப்பக் கூடாது, அதற்கு மேல் போனால் வளைவில் இழுபடாது. கேட் 6 கேபிள் 6 மி.மீ.க்குச் சற்று அதிகத் தடிமன், ஒன்றின் பரப்பு சுமார் 30 சதுர மி.மீ. 20 மி.மீ. பைப்பின் உள் விட்டம் 16.5 மி.மீ. வாக்கில் இருக்கும். பரப்பு 214, அதில் நாற்பது சதம் 85. ஆக இரண்டு கேபிள் சௌகரியமாகப் போகும். 25 மி.மீ. பைப்பில் உள் விட்டம் 21 வாக்கில், பரப்பு 346, நாற்பது சதம் 138. நான்கு கேபிள்.

உங்கள் வீட்டுக்கு இதைப் பொருத்துவோம். கீழ்த் தளத்தில் முன்பக்கம், பக்கச் சந்து, பின்வாசல் என்று மூன்று கேமரா. ஒவ்வொன்றுக்கும் தனி 20 மி.மீ. பைப். ஹாலில் டிவிக்கு ஒன்று, வைஃபை கருவிக்கு ஒன்று, ஆக இன்னும் இரண்டு 20 மி.மீ. மேல் தளத்துக்கு நான்கு கேபிள் ஏற வேண்டும்: வைஃபை கருவி, படுக்கையறை டிவி, வேலை செய்யும் மேசை, மொட்டை மாடி வாசல் கேமரா. நான்கும் ஒரு 25 மி.மீ. பைப்பை நிரப்பிவிடும். அதனால் மேலே ஏறும் பைப் இரண்டாக இருக்கட்டும், ஒன்று காலியாகக் கிடக்கட்டும். தெருவிலிருந்து ஃபைபர் வர 25 மி.மீ. ஒன்று. கூட்டினால் நெட்வொர்க் பெட்டிக்கு எட்டுப் பைப். பெட்டிக்குள் ஐந்தாறு பிளக் பாயின்ட் வேண்டும், அவை யுபிஎஸ் லைனில் இருக்க வேண்டும். அதற்கான கரண்ட் பைப் ஒன்பதாவது, அது பெட்டிக்கு வேறு பக்கத்திலிருந்து நுழையட்டும். ஒரு அடிக்கு ஒன்றரை அடி அளவில் பெட்டி 9 இஞ்ச் சுவரில் நன்றாக உட்காரும். மொத்தம் 25, 20 மி.மீ. சேர்த்து நெட்டுக்கும் கேமராவுக்கும் ஏறத்தாழ 95 மீட்டர் பைப் ஆகும். மூன்று மீட்டர் நீளத்தில் 35 பைப் வாங்கினால் சேதாரத்துக்கும் சரியாக இருக்கும். 305 மீட்டர் கேட் 6 பெட்டி ஒன்று வாங்கினாலே கேபிள் மிஞ்சும். மிஞ்சுவதில் மேசைக்கும் முன்பக்கக் கேமராவுக்கும் இரண்டாவது கேபிள் இழுத்து விடுங்கள். மேசைக்குப் போகும் அந்தக் கேபிள் காலி 25 மி.மீ. பைப்பில் ஏறட்டும்.

மேல் தளத்துக்கு வைஃபை தானாக வந்துவிடாதா என்று தோன்றும். கம்பி பின்னிய கான்கிரீட் தளத்தைத் தாண்டி 5 கிகாஹெர்ட்ஸ் அலை பலமாக ஏறாது. கேபிள் போய்ச் சேர்ந்து மேலே தனிக் கருவி ஒன்று நின்றால்தான் வேகம் கிடைக்கும். தளத்தில் பைப் விடாமல் கான்கிரீட் போட்டுவிட்டதால் கூரை நடுவில் வைக்க முடியாது. சுவரில் எட்டடி உயரத்தில் வையுங்கள், குறை ஒன்றும் வராது.

கரண்ட் பைப்பும் நெட் பைப்பும் அருகருகே ஒரே காடியில் போகக் கூடாது. இணையாகப் போனால் நடுவில் ஒரு அடி இடைவெளி, குறுக்கே தாண்ட நேர்ந்தால் நேர் செங்குத்தாகத் தாண்டட்டும். ஒரே பைப்பில் இரண்டையும் விடுவது மட்டும் எந்தக் காரணத்துக்கும் கூடாது. வயர் இழுக்கும்போது எங்காவது தோல் உரிந்தால் 230 வோல்ட் நெட் கேபிளில் ஏறி ரவுட்டர் வரை வந்து நிற்கும். ரவுட்டரின் பிளக்கைக் குழந்தைகளும் தொடுவார்கள்.

வளைவுகளில் எல்போ போடவே கூடாது. நீண்ட பெண்ட் போட வேண்டும், அல்லது ஸ்பிரிங் விட்டுப் பைப்பையே வளைக்க வேண்டும். ஒரு பெட்டிக்கும் அடுத்த பெட்டிக்கும் நடுவில் இரண்டு வளைவுக்கு மேல் வந்தால் நடுவே ஒரு ஜங்ஷன் பெட்டி வையுங்கள். மூன்றாவது வளைவில்தான் கேபிள் சிக்கும். அங்கே ஆட்கள் பலமாக இழுப்பார்கள், கேட் 6இன் உள்ளே இருக்கும் முறுக்கு நீண்டு, பார்க்க நன்றாக இருந்தும் வேகம் கிடைக்காமல் போகும்.

கேமராப் பைப்பின் வெளி முனையை வெறும் பைப்பாக விட்டுவிடாதீர்கள். அங்கே 4 இஞ்ச் சதுரப் பெட்டி ஒன்றைச் சுவரில் பதியுங்கள். கேமராவின் பின்னால் ஒரு சாண் நீளத்துக்கு வால் போல வயரும், அதன் நுனியில் தடித்த இணைப்பியும் தொங்கும். அந்தக் குவியல் உள்ளே போக இடம் இல்லாவிட்டால் வெளியே டேப் சுற்றித் தொங்கவிடுவார்கள். இரண்டு மழைக்காலத்தில் முனை கறுத்துக் கேமரா செத்துப்போகும். உயரம் ஒன்பது பத்து அடி, சன்ஷேடுக்குக் கீழே. அதற்கு மேல் ஏற்றினால் வருகிறவரின் உச்சந்தலைதான் தெரியும், முகம் தெரியாது. வெளிப்பூச்சு 20 மி.மீ. வரும் என்பதால் பெட்டியின் விளிம்பு செங்கல் முகத்திலிருந்து அந்த அளவு துருத்தி நிற்க வேண்டும். உள்பூச்சுக்கு 12 மி.மீ. வெளியே போகும் பைப் அனைத்தும் வெளிப்பக்கம் சற்றுச் சரிந்திருக்கட்டும், இல்லையென்றால் சாரல் நீர் பைப் வழியாக உங்கள் நெட்வொர்க் பெட்டிக்கே வந்து சேரும்.

ஃபைபர் பைப்பின் வெளி முனையைத் தெரு பார்த்த சுவரில் சன்ஷேடுக்குக் கீழே வையுங்கள், பக்கத்தில் ஒரு கொக்கியும் பதியுங்கள். கம்பத்திலிருந்து வரும் ஃபைபர் கேபிளோடு தாங்கு கம்பி ஒன்று சேர்ந்தே வரும். அந்தக் கம்பி கொக்கியோடு நின்றுவிட வேண்டும். ஃபைபர் கண்ணாடிதான், கரண்ட் கடத்தாது. ஆனால் அந்த இரும்புக் கம்பி, வழியில் மின்கம்பியின் மேல் உரசினால் கரண்டை வீட்டுக்குள் கொண்டுவந்துவிடும். உள்ளே வருகிற நீளத்துக்கு அதை உரித்து வெட்டிவிடச் சொல்லுங்கள்.

காடி வெட்டும்போது சுவரின் பலத்தை மறக்க வேண்டாம். மேலிருந்து கீழாக வெட்டும் காடி சுவர்த் தடிமனில் மூன்றில் ஒரு பங்குக்குள், பக்கவாட்டில் வெட்டும் காடி ஆறில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும். உங்கள் நாலரை இஞ்ச் தடுப்புச் சுவரில் பக்கவாட்டில் 19 மி.மீ.தான் வெட்டலாம். 20 மி.மீ. பைப்பே அதில் அமுங்காது. ஆகவே தடுப்புச் சுவரில் எல்லாம் மேலிருந்து கீழாகவே வரட்டும், பக்கவாட்டு ஓட்டம் 9 இஞ்ச் சுவரில் மட்டும் இருக்கட்டும். சுவரின் இரண்டு பக்கமும் ஒரே இடத்தில் எதிரெதிராக வெட்ட விடாதீர்கள். நெட்வொர்க் பெட்டிக்கு வரும் எட்டுப் பைப்பையும் ஒரே அகலக் காடியில் அடுக்காமல் மேலிருந்து நான்கு, கீழிருந்து இரண்டு, பக்கத்திலிருந்து இரண்டு என்று பிரித்துக் கொண்டுவாருங்கள். பில்லரிலும் பீமிலும் காடியே கூடாது.

பீம் என்றதும் ஒரு சிக்கல் எழும். கீழ்ச் சுவருக்கும் மேல் சுவருக்கும் நடுவில் பீம் ஓடுவதால், சுவருக்குள்ளேயே நேராக மேல் தளத்துக்கு ஏற முடியாது. கான்கிரீட் போடும்போது விட்ட பைப் ஏதாவது காலியாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால், மேலே அலமாரி வரப்போகிற ஒரு மூலையில், பீமை ஒட்டித் தளத்தில் கோர் மெஷினால் துளை போடுங்கள். யுபிஎஸ் பைப்புகளுக்கு ஒன்று, இரண்டு நெட் பைப்புக்கு ஒரு அடி தள்ளி இன்னொன்று. சுத்தியலும் உளியும் வேண்டாம், அடியில் கான்கிரீட் பெயர்ந்து கம்பி தெரியும். துளை போடும் முன் கம்பி எங்கே ஓடுகிறது என்று கண்டறியும் கருவியால் பார்த்து, கம்பிகளுக்கு நடுவில் போடச் சொல்லுங்கள். உங்கள் இன்ஜினியர் நேரில் நின்று இடம் காட்டட்டும். கீழே அந்த மூலையில் பைப் வெளியே தெரியும் இடத்தைச் செங்கல் கட்டிப் பூசி மறைத்துவிடலாம்.

பைப் இணைப்பு ஒவ்வொன்றிலும் பசை போட்டிருக்கிறார்களா என்று நீங்களே பாருங்கள். பசையில்லாமல் செருகிய பைப், பூசுகிறவர் கரண்டி பட்டதும் நழுவி, சாந்து உள்ளே போய்விடும். பைப்பின் மேல் 15 மி.மீ.யாவது சாந்து வரும்படி ஆழமாக அமுக்கி, ஆணி அடித்துக் காடியை முதலில் தனியாகச் சாந்தால் அடைத்து, அது காய்ந்த பிறகு மேலே கோழி வலை அடித்துப் பூசினால் பைப் ஓடிய வழியில் விரிசல் விழாது.

பூச்சுக்கு முந்தின நாள் ஒவ்வொரு பைப்பிலும் நைலான் கயிறு விடுங்கள். ஜிஐ கம்பி ஈரத்தில் துருப்பிடித்து உள்ளேயே ஒட்டிக்கொள்ளும். கயிற்றின் நுனியில் சிறு பஞ்சு உருண்டை கட்டி ஒரு முனையில் வைத்து, மறு முனையில் வேக்குவம் கிளீனரால் உறிஞ்சினால் நொடியில் வந்துவிடும். இரு முனையிலும் ஒன்றரை அடி விட்டு, எதிலிருந்து எதற்கு என்று எழுதிய அட்டையைக் கட்டுங்கள். பைப் வாயை டேப்பால் மூடி, பெட்டிக்குள் தெர்மாகோல் திணியுங்கள். பிறகு ஒவ்வொரு சுவரையும், தரையிலிருந்தும் மூலையிலிருந்தும் அளவு டேப்பைப் பிடித்தபடி படம் எடுத்து வையுங்கள். திரைச்சீலைக் கம்பிக்கும் அலமாரிக்கும் துளை போடும் நாளில் அந்தப் படம்தான் வழிகாட்டும்.

இந்தக் கட்டத்தில் கேபிளை இழுக்க வேண்டாம். பூச்சுக்கு ஒரு வாரம் தண்ணீர் அடிப்பார்கள், அந்தத் தண்ணீர் பெட்டிகளுக்குள் தேங்கும். சுவர் காய்ந்து முதல் கோட் அடித்த பிறகு இழுத்தால் போதும்.

பூசி முடித்த மறுநாளே, சாந்து முழுதும் இறுகும் முன், எல்லாக் கயிற்றையும் ஒருமுறை முன்னும் பின்னும் இழுத்துப் பாருங்கள். ஏதாவது ஒன்று நகராவிட்டால் ஃபிஷ் டேப் என்னும் நீண்ட வளைகம்பியை உள்ளே விட்டு, அது முட்டி நின்றதும் பைப் வாயருகே விரலால் பிடித்து வெளியே எடுத்து அளந்து, நீங்கள் எடுத்த படத்தில் அந்தத் தூரத்தைக் குறியுங்கள். அந்த இடத்தில் உள்ளங்கை அளவு உடைத்தால் அடைப்பு கிடைத்துவிடும். அதே பூச்சுக்காரர் சாமான்களோடு வீட்டில் இருக்கும்போதே அதைத் திரும்பப் பூசிவிட்டுப் போவார்.